எழுவாயும் இருக்கு, வினையும் இருக்கு, வாக்கியம் மட்டும் முடியவில்லை

வெள்ளவத்தை மிஸ்

வீட்டில் தரம் 7 பிள்ளைகள் ஆறு பேருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். போன கிழமை காலிமுகத்திடல் பற்றி எழுதச் சொன்னேன். ஒரு பிள்ளையின் கொப்பியில் இருந்ததை அப்படியே தருகிறேன்.

"சனிக்கிழமை பின்னேரம் போனோம். கடற்காற்று பலமாக வீசியதால். தம்பி பட்டம் விட்டான். நூல் அறுந்து. பட்டம் கடலில் விழுந்தது. இறால் வடை விற்கும் ஐயா. அவர் அப்பாவின் நண்பர்."

இரண்டாவது வரியை வட்டமிட்டு, இது முடியவில்லை என்று எழுதினேன். பிள்ளை கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். "மிஸ், இதில காற்று எழுவாய், வீசியது வினை. இரண்டும் இருக்கு. முதல் வரியில எழுவாயே இல்லை, அதுக்குச் சரி போட்டிருக்கிறீங்க."

எழுவாயும் வினையும் இருந்தால் வாக்கியம் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். அந்த விதி என் கண்முன்னே இரண்டு பக்கமும் உடைந்தது. அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். நீங்கள் பிள்ளைகளுக்கு இதை எப்படிப் புரியவைத்தீர்கள்?

தெஹிவளை அப்பா

என் மகனுக்கும் இதே சிக்கல் இருந்தது. எழுவாயைத் தேடாதே, கடைசிச் சொல் வினையா என்று மட்டும் பார் என்றேன். வினையில் முடிந்தால் வாக்கியம், இல்லாவிட்டால் துண்டு. உங்கள் கொப்பியில் "இறால் வடை விற்கும் ஐயா" ஐயாவில் முடிகிறது, ஆகவே துண்டு. மகன் ஒரே நாளில் பிடித்துக்கொண்டான்.

கொட்டாஞ்சேனை ஓய்வாசிரியர்

தம்பி, கடைசிச் சொல்லைப் பார்க்கச் சொன்னது நல்ல வழி. ஆனால் உங்கள் விதிப்படி "அவர் அப்பாவின் நண்பர்" துண்டாகிவிடும். அது முழு வாக்கியம். "இது என் பேனை", "நாளைக்கு லீவு" எதிலும் வினை இல்லை, எல்லாம் முடிந்த வாக்கியங்கள்தான். மறுபக்கம் "நூல் அறுந்து" வினையில் முடிகிறது, ஆனால் அது துண்டு.

நான் வகுப்பில் செய்தது இது. வினையின் வாலைப் பிடித்துப் பார்க்கச் சொல்வேன். போனோம் என்பதில் "ஓம்" இருக்கிறது, நாங்கள் என்று அதுவே சொல்லிவிடுகிறது. எழுவாய் வெளியே நிற்க வேண்டியதில்லை. விட்டான் என்பதில் "ஆன்" இருக்கிறது. விழுந்தது என்பதில் "அது" இருக்கிறது. இப்படி ஆளையோ பொருளையோ காட்டும் வால் கடைசியில் நின்றால் வினை முடிந்துவிட்டது. அறுந்து என்பதில் அந்த வால் இல்லை. யார், எது என்று அது சொல்லவில்லை, பிறகு நடந்ததற்காகக் காத்து நிற்கிறது.

வீசியதால் என்பதில்தான் பிள்ளை ஏமாந்தாள். உள்ளே "அது" கேட்கிறது, ஆனால் அதற்குப் பின்னால் "ஆல்" வந்து ஒட்டிவிட்டது. "காற்று வீசியது" முடிந்த வாக்கியம். "ஆல்" ஒட்டியதும் அது காரணமாக மாறிவிட்டது. காரணம் சொன்னால் விளைவும் சொல்ல வேண்டும். ஆகவே அதை அடுத்த வரியோடு சேருங்கள்: "கடற்காற்று பலமாக வீசியதால் தம்பி பட்டம் விட்டான்." அறுந்து என்பதையும் அப்படியே: "நூல் அறுந்து பட்டம் கடலில் விழுந்தது." பிள்ளை எழுதியதில் ஒரு சொல்லும் பிழை இல்லை. முற்றுப்புள்ளி இரண்டும்தான் இடம் மாறி விழுந்திருக்கின்றன.

ஐயா வரி வேறு வகை. "விற்கும்" ஐயாவுக்கு முன்னால் நின்று, எந்த ஐயா என்று காட்டுகிறது. அந்த ஐயா என்ன செய்தார் என்பது வரவே இல்லை. "இறால் வடை விற்கும் ஐயா சிரித்தார்" என்றால் முடிந்தது. இதே "உம்" கடைசியில் நின்றால் கதை வேறு. "மழை பெய்யும்" முழு வாக்கியம், "பெய்யும் மழை" துண்டு. சொற்கள் அவையே, நிற்கும் இடம்தான் மாறியது.

வால் தெரியாத வினைகளும் சில உண்டு. இல்லை, உண்டு, வேண்டும், போதும் ஆகியவை யாரையும் காட்டாது, ஆனாலும் முடித்துவைக்கும். அவற்றை மனதில் வைத்திருக்கத்தான் வேண்டும்.

ஆமர் வீதி அச்சகம்

எங்களிடம் வரும் பதாகைகள் எல்லாம் நீளமாகத்தான் இருக்கும், அதனால் இந்தச் சிக்கல் எங்களுக்கு வருவதில்லை. சின்ன வரிகளில்தானே துண்டு வரும்? போன மாதம் ஒரு கடைக்கு அடித்த பதாகையைப் பாருங்கள்: "எமது 10 ஆவது ஆண்டு நிறைவை முன்னிட்டு அனைத்துப் புடைவைகளுக்கும் விசேட விலைக்கழிவு வழங்கப்படவுள்ளமையால் வாடிக்கையாளர்கள் அனைவரையும்". இடம் போதவில்லை என்று கடைசிச் சொல்லை அவர்களே எடுக்கச் சொன்னார்கள்.

தெஹிவளை அப்பா

அண்ணை, அந்த எடுத்த சொல் "அழைக்கிறோம்" தானே? அது போனதும் வரி முழுவதும் துண்டாகிவிட்டது. அனைவரையும் என்ன செய்யப் போகிறார்கள் என்று பதாகை சொல்லவில்லை. "வா" என்பது ஒரே எழுத்து, முழு வாக்கியம். நீளத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. நண்பர் வரியில் என் விதி பிழை என்பதையும் ஏற்றுக்கொள்கிறேன் சேர்.

பொரளை அலுவலகம்

எங்கள் பிரிவில் சிங்களம் பேசும் அக்கா ஒருவர் தமிழ் படிக்கிறார். "அவள் வந்தால்." என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தார். வந்தால் என்ன செய்வோம் என்று கேட்டேன். "இல்லை, அவள் வந்துவிட்டாள்" என்றார். எங்கள் பேச்சில் இரண்டுமே "வந்தா" என்றுதான் கேட்கிறது, அவருடைய காதைக் குறை சொல்ல முடியாது. "வந்தாள்" முடிந்தது, "வந்தால்" தொங்குகிறது. ஒரு ளகரத்தில் வாக்கியம் முடிந்துவிடுகிறது. நாங்கள் இப்போது அவன் என்று மாற்றிப் பார்க்கிறோம். "அவன் வந்தான்" என்று மாறினால் ளகரம் போட வேண்டும். "அவன் வந்தால்" என்று அப்படியே நின்றால் லகரம், பின்னால் இன்னும் ஏதோ வர வேண்டும்.

கொட்டாஞ்சேனை ஓய்வாசிரியர்

அருமையான சோதனை. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். வரிக்குப் பின்னால் "என்று அம்மா சொன்னார்" போட்டு வாசியுங்கள். "பட்டம் கடலில் விழுந்தது என்று அம்மா சொன்னார்" சரியாக ஓடும். "நூல் அறுந்து என்று அம்மா சொன்னார்" இடறும். ஆனால் கேள்விக்குப் பதிலாக வரும் துண்டு இதில் தப்பிவிடும். எங்கே போனாய் என்று கேட்டால் "கடைக்கு என்று சொன்னான்" நன்றாகவே ஓடும். ஆகவே முன்னால் கேள்வி எதுவும் இல்லாத வரிக்கு மட்டும் இதைப் பாவியுங்கள்.

வெள்ளவத்தை மிஸ்

நேற்று வகுப்பில் செய்து பார்த்தேன். கொப்பியை அவளிடமே கொடுத்து வால் பிடிக்கச் சொன்னேன். வீசியதால், அறுந்து இரண்டையும் அவளே சேர்த்துவிட்டாள். ஐயா வரிக்கு "எங்களைப் பார்த்துக் கையசைத்தார்" என்று ஒரு முடிவும் எழுதினாள்.

பிறகு இன்னொரு பிள்ளை தன் வரியைக் காட்டினான். "மாமா முந்தநாள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்." மாமா வந்தார் என்பதுதான் அவன் சொல்ல வந்தது. வீட்டில் அப்படித்தான் பேசுவார்களாம். "என்று அம்மா சொன்னார்" போட்டால் நன்றாக ஓடுகிறது. சரி போடுவதா, வட்டமிடுவதா?

கொட்டாஞ்சேனை ஓய்வாசிரியர்

யாழ்ப்பாணப் பேச்சில் அது முடிந்த வாக்கியம். நானும் வீட்டில் அப்படித்தான் பேசுகிறேன். "அவர் அப்பாவின் நண்பர்" போலவே இதுவும் பெயரில் முடிகிறது. நான் என்றால் சரி போடுவேன்.

பொரளை அலுவலகம்

எனக்கு அப்படித் தோன்றவில்லை சேர். மட்டக்களப்பிலோ மலையகத்திலோ வளர்ந்தவர் அதை வாசித்தால், வந்தவர் பிறகு என்ன செய்தார் என்று அடுத்த வரியைத் தேட மாட்டாரா? பரீட்சைத் தாளில் "வந்தார்" என்று எழுதச் சொல்வதுதான் அந்தப் பிள்ளைக்குப் பாதுகாப்பு.

வெள்ளவத்தை மிஸ்

இன்றைக்கு வட்டமும் போடவில்லை, சரியும் போடவில்லை. பக்கத்தில் பென்சிலால் "வந்தார்" என்று எழுதி வைத்திருக்கிறேன்.