நகைச்சீட்டு முடியுது, என்ன செய்யலாம்? (டர்பன் – திருச்சி குடும்பக் குழு)

கவிதா: எல்லோருக்கும் வணக்கம். போன முறை திருச்சி வந்தபோது என் பெயரில் போட்ட நகைச்சீட்டு இந்த மாதம் முடிகிறது. மாதம் ₹5,000, 11 தவணையும் அம்மா கட்டிவிட்டார். 12ஆவது தவணை கடைக்காரர் போடுவார், ஆக 60,000க்கு நகை. நாங்கள் டர்பனிலிருந்து வருவது பொங்கலுக்குத்தான். அதுவரை அப்படியே விடலாமா?

மஞ்சு அக்கா: விடு. 55,000க்கு 5,000 என்றால் 9 சதவீதம். எந்த பேங்க் தரும்?

ராமநாதன் சித்தப்பா: மஞ்சு, முதல் நாளே 55,000 போட்டிருந்தால்தான் அது 9. முதல் தவணைதான் 11 மாதம் கடையில் கிடந்தது, கடைசித் தவணை ஒரே மாதம். அப்படிப் பார்த்தால் ஆண்டுக்கு 18 சதவீதம் போல வருகிறது.

மஞ்சு அக்கா: அப்போ இன்னும் நல்லதுதானே சித்தப்பா 😄

ராமநாதன் சித்தப்பா: காகிதத்தில் நல்லதுதான். நான் நகைக்கடையில் கணக்கு எழுதியவன். கடை இதைச் சேதாரத்தில் திரும்ப எடுக்கும். கவிதா, பொங்கல் வரை விட முடியாது. பொருளுக்கு வாங்கிய முன்பணத்தை ஒரு கம்பெனி 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துத் தீர்க்க வேண்டும், தாண்டினால் அது டெபாசிட் ஆகிவிடும். 2014 விதிகள் அப்படி. அதனால்தான் சீட்டெல்லாம் 11 மாதத்தில் நிற்கிறது.

செல்வம் மாமா: இது நம்ம டர்பன் லே-பை மாதிரிதானே, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி முடித்துவிட்டுப் பொருளை எடுப்பது? சாட்ஸ்வொர்த்தில் உன் அத்தைக்கு வளையல் அப்படித்தான் எடுத்தேன். வேண்டாம் என்றால் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளேன் கவிதா.

ராமநாதன் சித்தப்பா: இல்லை மச்சான். நீங்கள் வளையலையும் விலையையும் முதலிலேயே முடிவு செய்துவிட்டுக் கட்டினீர்கள். இங்கே இரண்டும் முடிவாகவில்லை. நகையாகத்தான் தருவார்கள், பணமாகப் பொதுவாகத் தருவதில்லை. நடுவில் நிறுத்தினால் போனஸும் போகும். கவிதா, சீட்டுப் புத்தகத்தில் தவணைக்கு நேராக கிராம் எழுதியிருக்கிறதா, ரூபாய் மட்டுமா?

அம்மா: ரூபாய் மட்டும்தான். இதோ பார்த்துவிட்டேன்.

ராமநாதன் சித்தப்பா: அப்போ 60,000ம் எடுக்கும் அன்றைய விலைக்குத்தான். கிராமாக வரவு வைக்கும் சீட்டும் உண்டு, அதில் போனஸ் தவணைக்குப் பதில் சேதாரத்தில் தள்ளுபடி தருவார்கள். ஒரு பேச்சுக்கு, 11 மாதத்தில் கிராம் 9,000லிருந்து 11,000க்கு ஏறியது என்று வை. கிராம் சீட்டில் 55,000க்கே 5.5 கிராம் சேர்ந்திருக்கும். உன்னுடையதில் போனஸோடு சேர்த்தும் 5.45தான். விலை இறங்கினால் நீ தப்பித்தாய்.

கவிதா: ஏறத்தானே செய்கிறது 😕 சரி, சேதாரம் என்று சொன்னீர்களே?

ராமநாதன் சித்தப்பா: அதுதான் முக்கியம். கிராம் 10,000 என்று வைத்துக்கொள். 60,000க்குள் ஜிஎஸ்டி 3 சதவீதம் போக, சேதாரம் 18 சதவீதம் போட்டால் உன் கைக்கு வருவது 4.94 கிராம். சீட்டே போடாத ஒருவர் 55,000 ரொக்கத்தோடு போய், பேரம் பேசி 8 சதவீதத்தில் வாங்குகிறார். அவருக்கும் அதே 4.94. உன் போனஸ் எங்கே?

மஞ்சு அக்கா: எனக்கு 2022இல் சேதாரம் கேட்கவே தோன்றவில்லை. நெக்லஸ் பிடித்தது, எடுத்தேன்.

ராமநாதன் சித்தப்பா: நெக்லஸில்தான் அதிகம் போடுவார்கள். வேலைப்பாடு கூடக் கூட ஏறும். சாதா வளையல், மெஷின் செயின் என்றால் குறையும். அண்ணி, கடையில் சீட்டுப் புத்தகத்தை முதலில் காட்டாதீர்கள். நகையைத் தேர்ந்து, எடையும் சேதாரமும் எழுதி வாங்கிவிட்டு அப்புறம் எடுங்கள்.

அம்மா: கணினியில் போன் நம்பர் போட்டதுமே சீட்டு தெரிந்துவிடுமே தம்பி.

ராமநாதன் சித்தப்பா: நம்பர் கொடுக்காமல் விலை கேளுங்கள். இரண்டாவது கடையிலும் அதே மாதிரி வளையலுக்குக் கேட்டு வையுங்கள். பில்லில் எச்யூஐடி என்ற ஆறிலக்க ஹால்மார்க் குறியீடும் நகையில் இருப்பதும் ஒன்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கவிதா: சீட்டு என் பெயரில் இருக்கிறதே, அம்மாவிடம் தருவார்களா? ஓடிபி என் இந்திய நம்பருக்கு வரும், அந்த சிம் இங்கே செத்துக் கிடக்கிறது.

ராமநாதன் சித்தப்பா: நாமினியாக அண்ணி பெயர் இருந்தால்கூட, நீ உயிரோடு இருக்கும்போது அது உதவாது. உன் கையெழுத்துப் போட்ட கடிதம், ஆதார் நகல் போதும் என்று சில கடையில் விடுவார்கள். இந்தக் கடையில் என்னவென்று கேட்டால்தான் தெரியும்.

அம்மா: சனிக்கிழமை போகிறேன். கவிதா, சிம்முக்கு ரீசார்ஜ் போட்டு ரோமிங் திற. நான் கவுண்டரில் நிற்கும்போது நீ போனைக் கையில் வைத்துக்கொள்.

கவிதா: சனிக்கிழமை எனக்கு டியூட்டி. பார்க்கிறேன்.

செல்வம் மாமா: வளையலைப் போட்டுக்கொண்டே டர்பன் ஏர்போர்ட்டில் இறங்கினால் கேட்பார்களா? யாருக்காவது தெரியுமா?

மஞ்சு அக்கா: மாமா, முதலில் எடுக்கட்டும் 😂

அம்மா: நான்கு வளையலா, இரண்டு வளையலும் ஒரு செயினுமா? இதை மட்டும் இன்றைக்கே சொல்லுங்கள்.