டிசம்பர் 21க்குப் பிறகும் விடியல் தாமதமாவது ஏன்? உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

அம்மாப்பேட்டை, நெசவாளர்

நான் வெளிச்சம் பார்த்துத் தறியில் அமர்பவன் என்பதால், தினசரி நாட்காட்டித் தாளில் சூரிய உதயத்தைத் தவறாமல் கவனிப்பேன். ஆண்டின் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 அல்லது 22 என்று பள்ளியில் படித்தோம். அப்படியானால் மறுநாளிலிருந்து பொழுது முன்னதாக விடிய வேண்டும் அல்லவா? ஆனால் பொங்கல் கழிந்த பின்னும் எங்கள் தெருவில் விடியல் தாமதமாகிக்கொண்டே போகிறது. இதை வேறு யாராவது கவனித்திருக்கிறீர்களா?

ஏற்காடு, காப்பித் தோட்டக்காரர்

நானும் கவனித்திருக்கிறேன், காரணம் எளிது. உத்தராயணம் தொடங்குவதே தை முதல் நாளில்தான். அதுவரை சூரியன் தெற்கே போய்க்கொண்டிருப்பதால் பகல் குறைகிறது, தை பிறந்த பிறகு வளர்கிறது. டிசம்பர் 21 என்பது மேலைநாட்டுக் கணக்கு, நம் ஊருக்குப் பொருந்தாது. மேலும் இங்கே மலையில் சூரியன் உங்களுக்கு முன்பே உதித்துவிடுகிறது.

அஸ்தம்பட்டி, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்

தோட்டக்கார ஐயா சொல்வதில் ஒரு பகுதி சரி. சூரியன் வடக்கு நோக்கித் திரும்புவதற்கு உத்தராயணம் என்று பெயரிட்டவர்கள் வானத்தைப் பார்த்தே பெயரிட்டார்கள். சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் அந்தத் திருப்பமும் மகர சங்கராந்தியும் ஏறக்குறைய ஒரே நாளில் வந்தன. பஞ்சாங்கம் விண்மீன்களை வைத்து மாதத்தைக் கணிக்கிறது. பூமியின் அச்சோ மிக மெதுவாகத் திசை மாறுகிறது. அதனால் ஏறத்தாழ 71 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் இரண்டும் விலகி, இன்று மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி விழுந்துவிட்டது. சூரியன் உண்மையில் திரும்புவது சேலத்துக்கும் டிசம்பர் 21, 22இல்தான்.

பகலின் நீளம் மாறக் காரணம் பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பது. டிசம்பரில் வட பாதி சூரியனுக்கு அப்பால் சாய்ந்திருப்பதால் நம் வானில் சூரியன் செல்லும் பாதை குட்டையாகிறது, ஜூனில் நீள்கிறது. நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே மாற்றம் சிறிது. சேலத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு சுமார் 82 நிமிடம்தான். லண்டனில் அது கிட்டத்தட்ட ஒன்பது மணி நேரம்.

நெசவாளர் ஐயா கேட்டதற்கு விடை உச்சிப் பொழுதில் இருக்கிறது. பூமி தன்னைச் சுற்றும்போதே சூரியனையும் சுற்றி நகர்வதால், சூரியன் மீண்டும் உச்சிக்கு வரப் பூமி சற்றுக் கூடுதலாகத் திரும்ப வேண்டும். டிசம்பர் இறுதியில் இந்தக் கூடுதல் அதிகம். ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வந்து வேகமாக ஓடுவது ஒரு காரணம், அச்சுச் சாய்வு இன்னொரு காரணம். ஆகவே கடிகாரத்தில் உச்சிப் பொழுது நாளொன்றுக்கு அரை நிமிடம் வரை பிந்துகிறது.

சேலத்துக்குக் கணக்கிட்டுப் பார்த்தேன். டிசம்பர் 21இல் உதயம் 6.32, மறைவு 5.58, இரண்டுக்கும் நடுவான உச்சி 12.15. ஜனவரி 25இல் உதயம் 6.42, மறைவு 6.17, உச்சி ஏறக்குறைய 12.30. பகல் ஒன்பது நிமிடம் வளர்ந்திருக்கிறது. அதில் காலைக்கு நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். ஆனால் முழுப் பகலுமே சுமார் பதினான்கு நிமிடம் பின்னே நகர்ந்துவிட்டதால் உதயம் பத்து நிமிடம் தாமதமாகத் தெரிகிறது. மாலையில் இதற்கு நேர்மாறு: நம் ஊரில் சூரியன் மிக முன்னதாக மறைவது நவம்பர் நடுவிலேயே முடிந்துவிடுகிறது.

சூரமங்கலம், இல்லத்தரசி

அப்படியானால் ராகு காலத்தை நாங்கள் தவறாகப் பார்க்கிறோமா? பகலை எட்டாகப் பிரிப்பது என்றால், டிசம்பரில் ஒரு பங்கு ஒன்றரை மணி நேரம் வராதே! எங்கள் வீட்டில் அச்சிட்டபடியே பார்க்கிறோம்.

அஸ்தம்பட்டி, ஆசிரியர்

உங்கள் கணக்கு சரிதான், அம்மா. டிசம்பரில் ஒரு பங்கு சுமார் 86 நிமிடம், ஜூனில் 96. அச்சிட்ட நேரம் காலை ஆறு முதல் மாலை ஆறு வரை பகல் என்று கொண்ட பொதுக் கணக்கு. எதைக் கடைப்பிடிப்பது என்பது உங்கள் வீட்டு வழக்கத்தைப் பொறுத்தது.

கல்லூரி மாணவி, சேலம்

மார்ச் 20 சமப்பகலிரவு நாள் என்கிறார்கள். அன்று நாட்காட்டியில் கூட்டிப் பார்த்தால் பகல் 12 மணி 7 நிமிடம் வந்தது. அச்சுப் பிழையா?

அஸ்தம்பட்டி, ஆசிரியர்

பிழையில்லை. சூரியனின் மேல் விளிம்பு தெரிந்தவுடன் உதயம் என்கிறோம். அதோடு காற்று மண்டலம் ஒளியை வளைப்பதால், அடிவானத்துக்குக் கீழே இருக்கும் சூரியனே நமக்கு மேலே தெரிகிறது. பகலும் இரவும் உண்மையில் சமமாவது இங்கே மார்ச் 10 வாக்கில்.

ஏற்காடு, காப்பித் தோட்டக்காரர்

தை பற்றிய விளக்கத்தை ஏற்கிறேன். மலையில் முன்பே உதிப்பதை மட்டும் நான் விடமாட்டேன், பல ஆண்டுகள் கண்ணால் பார்த்தது.

அஸ்தம்பட்டி, ஆசிரியர்

அதுவும் உண்மைதான். சமவெளியைவிட 1,200 மீட்டர் உயரத்தில் நின்றால் அடிவானம் ஏறக்குறைய ஒரு பாகை தாழ்கிறது; கிழக்கில் மறைப்பு இல்லாவிட்டால் சுமார் நான்கு நிமிடம் முன்பே தெரியும். உங்கள் தோட்டத்துக்குக் கிழக்கே வேறு முகடு இருக்கிறதா?

ஏற்காடு, காப்பித் தோட்டக்காரர்

இருக்கிறது, சில்வர் ஓக் மரங்களும் இருக்கின்றன. ஆனாலும் கீழே இருக்கும் என் தம்பிக்கு முன்பே எனக்கு வெயில் வருகிறது. அவன் வீட்டுக்குக் கிழக்கே என்ன மறைக்கிறது என்று கேட்டு எழுதுகிறேன்.