5,000 கோழிக்குக் கட்டிய ஷெட், 5 டன் சைலோ: உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

ஷெட்டுக்காரர்

கறிக்கோழி, பக்கம் திறந்த ஷெட், பேட்ச்சுக்கு 5,000 குஞ்சு. சைலோ செய்து கொடுத்தவர் 5 டன் பிடிக்கும் என்று எழுதியே தந்தார். கோழிக்கு 33 நாள் ஆனபோது 5 டன் பெல்லட்டோடு லாரி வந்தது. சைலோ அடிவரை காலி. பாதி வண்டி தாண்டியதும் மேல் மூடி வழியாகத் தீவனம் சிந்த ஆரம்பித்தது. ஓட்டுநர் குழாயை நிறுத்திவிட்டு ஏணியில் ஏறிப் பார்த்தார். "அண்ணா, இதுக்கு மேல ஒரு மூட்டைகூடப் போகாது" என்றார். ஏறியது 3 டன் சொச்சம். மிச்சம் வண்டியில் நிற்கிறது, வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. தார்ப்பாய் விரித்து, ஷெட் முனையில் தடுத்திருந்த அறையில் கொட்டினோம்.

செய்தவரிடம் கேட்டால், "தண்ணி ஊத்திப் பாருங்க, சரியா 5,000 லிட்டர்" என்கிறார். கடைசி வாரத்தில் எனக்கு நாளுக்கு 950 கிலோ தீவனம் போகிறது. மூன்று நாளில் காலியாகிவிடும் சைலோவை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அதே பேட்ச்சில் கூளமும் ஈரம் தட்டிவிட்டது. ஷெட் 200 அடிக்கு 25 அடி. கணக்குப்படி கோழிக்கு ஒரு சதுர அடி வருகிறது. ஆனால் மாலையில் உள்ளே போனால் கால் வைக்க இடமில்லை. இரண்டும் இன்னும் மனதில் உறுத்துகிறது.

கூளம்_கிளறி

கோழிக்கு ஒரு சதுர அடி, சைலோவில் கோழிக்கு ஒரு கிலோ. இதுதான் கணக்கு. பல வருடமாக இதை வைத்துத்தான் ஓட்டுகிறேன். உங்கள் இடம் சரிதான். சைலோவில் மட்டும்தான் ஏமாற்றிவிட்டார்கள். எங்கள் பக்கத்துப் பண்ணையில் டிரம்மை வெட்டிச் செய்த சைலோ ஒன்று இருந்தது. நடு ராத்திரி தீவனம் தீர்ந்து, காலையில் போய்ப் பார்த்தால் கோழிகள் காலித் தட்டின் மேல் ஏறி நின்று ஒன்றையொன்று கீறியிருந்தன. முதுகெல்லாம் சிவப்புக் கோடு. அந்தக் காட்சி மறக்கவில்லை. அதனால் சைலோவில் கைவைத்துச் சிக்கனம் பார்க்காதீர்கள்.

புதுப்பண்ணை

எனக்கும் இதே சிக்கல்தான். நான் 50 கோழிக்கு ஒரு தொங்கும் தீவனக் குடுவை வைத்தேன். பெரிய கோழிகள் இடித்துக்கொண்டு சின்னதை ஒதுக்கிவிடுகின்றன. 40 கோழிக்கு ஒன்று வைத்த பிறகு பேட்ச் ஒரே சீராக வந்தது. 5,000 கோழிக்கு 125 குடுவை வைத்துப் பாருங்கள் அண்ணா.

நிறைகணக்கு

புதுப்பண்ணை சொல்வது கோழி தின்னும் குடுவை. அவர் அனுபவம் பயனுள்ளதுதான், ஆனால் இங்கே கேட்டிருப்பது வெளியே நிற்கும் சேமிப்பு சைலோ.

ஷெட்டுக்காரர் அண்ணா, முதலில் சைலோ. பெல்லட் ஒரு கனமீட்டருக்குச் சுமார் 650 கிலோதான் வரும். மாவுத் தீவனம் இன்னும் லேசு, 550 பக்கம் நிற்கும். உங்கள் 5,000 லிட்டர் என்பது 5 கனமீட்டர். அதில் பெல்லட் 3¼ டன்தான். கொட்டும்போது நடுவில் குவிந்து ஓரம் காலியாக நிற்பதால் அதிலும் கொஞ்சம் போகும். ஆகவே லாரியில் நடந்தது கணக்குப்படி நடந்ததுதான். டன் என்று யாராவது சொன்னால், எந்தத் தீவனத்தில் என்று கேளுங்கள்.

உங்களுக்குத் தேவையானதைப் பார்ப்போம். பேட்ச் முழுக்கச் சராசரி எடுத்தால் ஏமாந்துபோவோம். குஞ்சு முதல் நாட்களில் 15, 20 கிராம்தான் தின்னும். கடைசி வாரத்தில் 190 கிராம் தாண்டும். அந்தக் கடைசி வாரத்துக்குத்தான் சைலோ. 950 கிலோ, 5 நாளுக்கு என்றால் 4,750 கிலோ. அதை 650-ஆல் வகுத்தால் 7.3 கனமீட்டர். மேலே காலி இடத்துக்காக இன்னும் ஒரு கனமீட்டர் சேர்த்து 8.3 என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 அடி விட்டத்தில், அடிக் கூம்பு 60 பாகைச் சரிவில் இருந்தால் கூம்பில் மட்டும் 1.4 கனமீட்டர் போகும். மீதிக்கு நேர் உருளைப் பகுதி 2.6 மீட்டர் உயரம் வேண்டும். உங்களுடையதை டேப் வைத்து அளந்து பாருங்கள், அதில் பாதி உயரம்தான் இருக்கும்.

இனி இடம். 200க்கு 25 என்பது வெளி அளவா, உள் அளவா? கட்டுபவர்கள் பெரும்பாலும் வெளி அளவில்தான் பேசுவார்கள். இருபுறமும் முக்கால் அடிச் சுவர் என்றால் அகலம் 23½ அடியாகிவிடும். நீளத்திலும் சுவர் கழியும், நீங்கள் தீவனம் கொட்டிய அந்த அறையும் ஷெட்டுக்குள்ளேயே இருந்தால் 10 அடி போகும். கோழி நிற்கும் தரை 188 அடிக்கு 23½, அதாவது ஏறத்தாழ 4,400 சதுர அடி. உங்கள் கோழிக்கு ஒரு சதுர அடி கிடைக்கவே இல்லை.

கூளம்_கிளறி

அப்படியே இருந்தாலும் 600 சதுர அடி குறைவதால் கூளம் நனையாது. நிப்பிள் உயரத்தைப் பாருங்கள். கோழி கழுத்தை நிமிர்த்திக் குடிக்க வேண்டும். தாழ்வாக இருந்தால் பக்கவாட்டில் சிந்தும். என்னிடம் வந்த பேர்பாதி ஈரக் கூளப் புகார் அங்கேதான் முடிந்தது.

நிறைகணக்கு

நிப்பிள் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அதை முதலில் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு சதுர அடி என்ற விதிக்குள் ஒரு எடை ஒளிந்திருக்கிறது. அது 2 கிலோ, 2.2 கிலோவில் விற்கும் கோழிக்குச் சரி. 2.7 கிலோ வரை வைத்திருந்தால் அதே கோழிக்கு 1¼ சதுர அடி பக்கம் வேண்டும். இறப்பு போக 4,850 கோழி, 2.2 கிலோ என்றால் அவர் தரையில் சதுரமீட்டருக்கு 26 கிலோ நிற்கிறது. வாங்குபவர் ஒரு வாரம் தள்ளி வந்து 2.7 கிலோ ஆகிவிட்டால் 32 கிலோ. தரை அப்படியே இருக்கிறது, எச்சமும் மூச்சின் ஈரமும் வெப்பமும் கூடிவிடுகின்றன.

அண்ணா, எத்தனை கிலோவில் விற்றீர்கள்?

முட்டைப்பண்ணை_அக்கா

என்னுடையது 3,000 முட்டைக்கோழி, ஆழ்கூளம், கோழிக்கு 2 சதுர அடி. இடத்தில் பிரச்சினை வரவில்லை. கோழிக்கு ஒரு கிலோ என்ற கணக்கைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். கூளம்_கிளறி தம்பி, அது உங்கள் கறிக்கோழிக்குக் கடைசி வாரத்தில் 5 நாள். முட்டைக்கோழி நாளுக்கு 110 கிராம்தான் தின்னும், எனக்கு அது 9 நாள். மாவுத் தீவனம் 9 நாள் மழைக்காலத்தில் நின்றால் என்ன ஆகும் என்று பார்த்தேன்.

ஒரு நாள் மோட்டார் ஓடுகிறது, குழாயில் ஒன்றும் வரவில்லை. கூம்பை மரச் சுத்தியால் தட்டினோம். உள்ளே பாலம் கட்டியதுபோல் நின்ற தீவனம் மொத்தமாகச் சரிந்தது. அதோடு சுவரில் ஒட்டியிருந்த ஒரு பாளம் பெயர்ந்து வந்தது, கைத்தண்டி கனம், பச்சையும் சாம்பலுமாகப் பூஞ்சை. எத்தனை நாளாக அதன் ஓரமாக உதிர்ந்து கோழி வாய்க்குப் போனதோ. கூம்பு 45 பாகைதான் இருந்தது. மாவுத் தீவனத்துக்கு அது போதாது. அதனால் சைலோ பெரிதாக இருப்பது நல்லது என்று யாரும் சொல்லாதீர்கள்.

காற்றோட்டம்

32 கிலோவுக்கா இவ்வளவு பேச்சு? ஐரோப்பாவில் 2007-ல் வந்த கறிக்கோழி ஆணையில் அடிப்படை வரம்பே சதுரமீட்டருக்கு 33 கிலோ. நிபந்தனைகளை நிறைவேற்றினால் 39, அதற்கும் மேல் 42 வரை விடுகிறார்கள். நான் வேலை பார்த்த மூடிய ஷெட்டில் 33-இல் கூளம் பொடியாகத்தான் இருந்தது.

நிறைகணக்கு

மூடிய ஷெட் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அங்கே விசிறி நிமிடத்துக்கு நிமிடம் ஈரத்தை வெளியே தள்ளுகிறது. இவர் பக்கம் திறந்த ஷெட்டில் காற்று நின்றுபோன மத்தியானத்தில் யார் தள்ளுவார்? இதில் என் கை பல இடத்தில் பட்டிருக்கிறது. ஒரு பண்ணையில் விற்பனைக்கு முந்தைய மாலை, எல்லாக் கோழியும் இறக்கையை விரித்து வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தன. இடையில் கூளமே கண்ணில் படவில்லை. ஒரு பிடி அள்ளி அழுத்தினேன், உருண்டையாக நின்றது. நல்ல கூளம் கையைத் திறந்ததும் உதிர வேண்டும். வெயில் காலத்தில் அப்படிப்பட்ட ஷெட்டில் 24 கிலோவுக்கு மேல் நான் போக மாட்டேன்.

காற்றோட்டம்

24 ரொம்பக் குறைவு. அகலம் 25 அடிதானே, இருபுறமும் வலை, காற்று வரும் திசைக்குக் குறுக்கே கட்டியிருந்தால் 28 தாங்கும். ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இரட்டைச்சைலோ

ஒரே சைலோவில் பேட்ச் முழுதும் ஓட்டிய பண்ணை ஒன்றில் மருந்து கலக்காத கடைசித் தீவனம் வந்து இறங்கியது, கீழே மருந்து கலந்த பழையது அரை டன் கிடந்தது. இரண்டும் கலந்துவிட்டது, விற்பனையைத் தள்ளினார்கள். என் அனுபவம் அவ்வளவுதான்.

அதனால் சொல்கிறேன், எல்லோரும் இரண்டு சைலோ வையுங்கள். அக்கா சொன்ன கெட்டுப்போகும் பிரச்சினையும், அண்ணாவின் போதாமையும் இரண்டும் இதில் தீரும். 5,000 குஞ்சு முதல் 10 நாளில் மொத்தமே ஒன்றரை டன்தான் தின்னும். அதைப் பெரிய சைலோவில் போட்டால் அடியில் தங்கி நாள்படும். ஆரம்பத் தீவனத்தை மூட்டையிலேயே கொடுங்கள், பலகை மேல் அடுக்கி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பிறகு வளர்ச்சித் தீவனம் ஒன்றில், கடைசித் தீவனம் மற்றதில். ஒன்று காலியானதும் வாயை மூடிவிட்டு உள்சுவரைச் சுரண்டி, காய்ந்த பிறகுதான் அடுத்ததை ஏற்ற வேண்டும். இரவில் தகடு குளிர்ந்து உள்ளே வியர்க்கும், மேல் மூடி ரப்பரையும் அப்படியே பாருங்கள். வெள்ளை வண்ணம் பூசினால் பகல் சூடு குறையும். அடியில் கண்ணாடிச் சாளரம் ஒன்று வைத்தால் தட்டித் தட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

ஷெட்டுக்காரர்

டேப் வைத்து அளந்தேன். உள்ளே 188க்கு 23½, அப்படியே. கோழி போனது 2.6 கிலோவில், வாங்குபவர் தாமதமாகத்தான் வந்தார். சைலோவின் விட்டம் 6 அடி, உருளை 4½ அடி உயரம். அடுத்த பேட்ச்சில் 4,000 குஞ்சுதான் இறக்குகிறேன். சைலோவுக்கு மேலே இன்னும் 4 அடி வளையம் சேர்த்து வெல்டிங் செய்தால் போதுமா?

நிறைகணக்கு

வளையம் சேர்ப்பது எளிது, கால்கள்தான் கேள்வி. 3 டன்னுக்கு வைத்த கால்களும் அடித்தளமும் 5 டன்னுக்கும், உயரத்தில் அடிக்கும் காற்றுக்கும் நிற்குமா என்று இரும்பு வேலை தெரிந்தவர் வந்து பார்த்துச் சொல்லட்டும். 4,000 என்றால் கடைசி வாரத்தில் நாளுக்கு 760 கிலோ. இருக்கிற சைலோ 4 நாள் தாங்கும். ஆலைக்காரர் 4 நாளுக்கு ஒருமுறை 3 டன் அனுப்புவாரா என்று முதலில் பேசிப் பாருங்கள்.

கூளம்_கிளறி

நிப்பிள் உயரத்தையும் அளந்தீர்களா அண்ணா?