புதுப்பிப்பு: லிட்டருக்கு 2 மி.லி. என்றால் டேங்குக்கும் ஏக்கருக்கும் எவ்வளவு?

நான் கேட்டது: "பயிர் மருந்து லேபிளில் தண்ணீர் லிட்டருக்கு 2 மி.லி. என்று இருக்கிறது. என் ஸ்பிரேயர் டேங்க் 16 லிட்டர். ஏக்கருக்கு மொத்தம் எவ்வளவு மருந்து?"

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கைகொடுத்தது, வெறும் தண்ணீரை அடித்து அளக்கச் சொன்ன யோசனைதான். 10 மீட்டருக்கு 10 மீட்டர் இடத்தில் வழக்கமான நடையில் அடித்தேன். 4 லிட்டர் செலவானது. ஏக்கர் ஏறக்குறைய 4000 சதுர மீட்டர், அதனால் 160 லிட்டர், அதாவது 10 டேங்க். டேங்குக்கு 32 மி.லி. வீதம் ஏக்கருக்கு 320 மி.லி.

"லிட்டர் கணக்கு போதும், ஏக்கர் எதற்கு?" என்றவர் சொன்னது டேங்குக்குச் சரி. ஆனால் இதே லேபிளில் ஹெக்டேருக்கு 1000 மி.லி. என்றும் இருக்கிறது, ஏக்கருக்கு அது 400. என் 320 மி.லி. இப்போது அந்த வரம்புக்குள் இருக்கிறது.

எதிர்பாராதது அப்புறம்தான் வந்தது. பயிர் வளர்ந்தபின் மறுபடி அளந்தால் அதே இடத்துக்கு 6 லிட்டர் பிடித்தது. ஏக்கருக்கு 240 லிட்டர், 480 மி.லி. வரம்பைத் தாண்டிவிட்டது! அந்தத் தெளிப்பை நிறுத்திவைத்திருக்கிறேன். சன்னமான நாசில் போட்டால் தண்ணீர் குறையுமா என்று பார்க்க வேண்டும்.

பவர் ஸ்பிரேயர் பற்றிக் கேட்ட அண்ணா, உங்களுக்குத் தண்ணீர் குறைவாகப் பிடிக்கும், லிட்டர் கணக்கில் போனால் ஏக்கருக்கு மருந்து போதாமல் போகலாம். அதற்காகக் கரைசலைக் கெட்டியாக்கலாமா என்பதை உங்கள் லேபிள்தான் சொல்ல வேண்டும்.