லாபம் 1,20,000-ஆ, ஷார்ப் 1.85-ஆ? எதை வைத்து உத்தியை எடைபோடுவது?

திருவாரூர்_தம்பி:
ஒரே 5 லட்சம் முதல், இரண்டு உத்தி, 12 மாதக் கணக்கு. நிஃப்டி ஃபியூச்சர்ஸில் டிரெண்ட் பிடித்ததில் லாபம் 1,20,000. வாராந்திர ஆப்ஷன் விற்றதில் 78,000. ஏற்ற இறக்கத்துக்கு ஈடாக எவ்வளவு லாபம் என்று காட்டும் ஷார்ப் ரேஷியோவைப் பார்த்தால் இரண்டாவதுதான் மேல் என்கிறார்கள். 42,000 குறைவாகச் சம்பாதித்தது எப்படி மேலாகும்?

வெண்ணாறு:
ஆகாது. ரேஷியோவை அடகு வைத்து அரிசி வாங்க முடியாது. செலவும் வரியும் போக கையில் நின்ற பணம்தான் கணக்கு.

மன்னை_மணி:
ரிஸ்க் ரிவார்டு 1:2 இருந்தா போதும் தம்பி. ஸ்டாப்லாஸ் 50 புள்ளி, டார்கெட் 100 புள்ளி.

அரசலாறு:
மணி அண்ணே, அது ஒரு டிரேடின் கணக்கு. இங்கே கேள்வி வருஷம் முழுக்க முதல் எப்படி ஆடியது என்பது. தம்பி, மாத லாபச் சராசரியும், மாதங்கள் அதிலிருந்து எவ்வளவு சிதறின என்னும் திட்ட விலகலும் சொல்லுங்க.

திருவாரூர்_தம்பி:
டிரெண்டுக்கு சராசரி 2%, விலகல் 5%. ஆப்ஷனுக்கு 1.3%, 1.5%. லாபத்தை முதலோடு சேர்க்கவில்லை.

அரசலாறு:
சும்மா வைத்திருந்தாலே மாதம் 0.5% வட்டி வரும் என்று வையுங்கள். அதைக் கழித்துவிட்டு, மிச்சத்தை விலகலால் வகுத்து, வருஷத்துக்கு மாற்ற 12-ன் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். மாத சதவீதங்கள் % குறி இல்லாமல் வெறும் எண்ணாக B2 முதல் B13 வரை இருந்தால்:

```
=(AVERAGE(B2:B13)-0.5)/STDEV(B2:B13)*SQRT(12)
```

டிரெண்டுக்கு 1.04, ஆப்ஷனுக்கு 1.85 வரும்.

வெண்ணாறு சார், லாபத் தொகையை லாட் எண்ணிக்கையால் ஏற்றி இறக்கலாம், ஷார்ப்பை முடியாது. முதல் லிக்விட் ஃபண்டில் வட்டி ஈட்டிக்கொண்டு மார்ஜினுக்கும் நிற்கிறது என்று கொள்ளுங்கள். ஆப்ஷன் அளவை இரட்டித்தால் வட்டி போக மிச்சமான 0.8% மட்டும் 1.6% ஆகும்; வட்டியோடு மாதம் 2.1%, விலகல் 3%. வருஷ லாபம் 1,26,000. டிரெண்டைவிட அதிகம், ஆட்டம் குறைவு. ஷார்ப் மட்டும் அதே 1.85. ஒப்பிட அது உதவுவது இதனால்தான்.

வெண்ணாறு:
இரட்டிக்கச் சொல்வது சுலபம். விற்ற ஆப்ஷனை இரட்டித்தால், சந்தை கவிழும் நாளில் அடியும் இரட்டிப்பு. 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு நாளில் நிஃப்டி ஏறக்குறைய 6% விழுந்தது. தம்பியின் 12 மாதத்தில் அப்படி ஒரு நாள் உண்டா?

அரசலாறு:
அங்கே நீங்கள் சொல்வது சரி. ஆப்ஷன் விற்பது தாழ்ந்த வயல் மாதிரி. வடகிழக்குப் பருவமழை லேசாகப் போன வருஷங்களை மட்டும் பார்த்தால், மேட்டு வயலைவிட நிலையான மகசூல் என்றுதான் தோன்றும். தம்பி ஏட்டில் ஒரு மாதத்தை 1.3-லிருந்து மைனஸ் 10 ஆக்கிப் பாருங்கள். சராசரி 0.36-க்கு இறங்கும். வட்டியைவிடக் குறைவு, ஷார்ப் மைனஸ். இரட்டித்த அளவில் அந்த ஒரே மாதம் ஒரு லட்சம் போயிருக்கும்.

கொள்ளிடம்77:
அதுக்குத்தான் சோர்டினோ இருக்கே? கீழே போற ஆட்டத்தை மட்டும் எண்ணும். டிரெண்ட் உத்தி திடீர்னு பெரிய லாபம் தர்ற மாதத்தையும் ஷார்ப் ரிஸ்க்னு எண்ணித் தண்டிக்குது. சோர்டினோ போட்டா ரெண்டு சிக்கலும் தீரும்.

அரசலாறு:
டிரெண்டுக்கு நீங்கள் சொன்னது பொருந்தும். ஆப்ஷனுக்கு இன்னும் மோசம். நஷ்ட மாதமே அரிதான ஏட்டில் வகுக்கும் எண் பூஜ்யத்தை ஒட்டிப் போய், சோர்டினோ 8, 10 என்று பறக்கும். வராத வெள்ளத்தை எந்த ரேஷியோவும் எண்ணாது.

இன்னொன்றும் பாருங்கள். தம்பி, ஆப்ஷன் ஏட்டில் முடித்த டிரேடுகளை மட்டும் எழுதினீர்களா?

திருவாரூர்_தம்பி:
ஆமாம், எக்ஸ்பைரி அன்று வரும் லாப நஷ்டம் மட்டும்.

அரசலாறு:
அப்போது 1.5% விலகலை நம்ப முடியாது. திங்கள் 40,000 நஷ்டத்தில் நின்று எக்ஸ்பைரியில் 3,000 லாபமாக முடிந்த வாரம், ஏட்டில் அமைதியான வாரமாகத் தெரியும். தினமும் சந்தை முடியும்போது, திறந்த நிலையையும் சேர்த்து கணக்கின் மதிப்பைக் குறியுங்கள். தினசரி எண்ணில் ஷார்ப் போட்டால், வருஷத்துக்கு சுமார் 252 சந்தை நாள் என்பதால், 12-க்குப் பதில் 252-ன் வர்க்கமூலம். டிரேடு இல்லாத நாளையும் விடாமல் சேர்க்க வேண்டும், விட்டால் எண் ஊதிவிடும். அதே ஏட்டில் உச்சத்திலிருந்து அதிகபட்சம் எவ்வளவு இறங்கியது என்பதும் கிடைக்கும்.

கொள்ளிடம்77:
சரி, அப்போ 1.04, 1.85 வித்தியாசத்துக்கே அர்த்தம் உண்டா?

அரசலாறு:
12 மாதத்தில் அதிகம் இல்லை. ஒரு வருஷ ஏட்டில் வரும் ஷார்ப்புக்கு தற்செயல் பிழையே ஏறக்குறைய 1. நான்கு வருஷமானால்தான் அது பாதியாகும். அதனால் டிரெண்ட் தோற்றது என்றும் சொல்ல மாட்டேன்.

வெண்ணாறு:
இதைத்தானே முதலிலேயே சொன்னேன்.

அரசலாறு:
இல்லை சார். அதே பிழை 1,20,000-லும் இருக்கிறது. 5% விலகலில் 12 மாதத்துக்கு ஏற்ற இறக்கம் சுமார் 17.3%, அதாவது ஏறக்குறைய 86,600 ரூபாய். உங்கள் 42,000 வித்தியாசம் அதற்குள் அடங்கிவிடும்.

திருவாரூர்_தம்பி:
புரோக்கர் ஸ்டேட்மென்டிலிருந்து தினசரி மதிப்பை எடுத்து, 2024 ஜூன் வாரத்தையும் சேர்த்து மறுபடி போட்டுப் பார்க்கிறேன்.

மன்னை_மணி:
அப்போ 1:2 வேண்டாமா?