ஸ்பிரிங் என்று வாங்கினேன், விலை மறுபடி உடைந்துவிட்டது. எங்கே தவறாகப் படித்தேன்?

செல்வா
வணக்கம். ஆறு மாதமாக வைகாஃப் முறையில் தினசரி சார்ட் பார்த்து வருகிறேன். ஒரு மிட்கேப் பங்கு 340-லிருந்து இறங்கி, 212-ல் பெரிய வால்யூமோடு நின்றது. அதை செல்லிங் கிளைமாக்ஸ் என்று குறித்துக்கொண்டேன். அங்கிருந்து 248 வரை ஏறியது. அப்புறம் நான்கு மாதம் இந்த இரண்டு விலைக்கும் நடுவிலேயே ஓடியது. போன மாதம் ஒருநாள் 208 வரை போய், அன்றே 214-ல் முடிந்தது. அன்றைய வால்யூம் 31 லட்சம், வழக்கமாக 9 லட்சம்தான். எல்லோருடைய ஸ்டாப்லாஸையும் அடித்துவிட்டு மேலே வந்துவிட்டது, அக்குமுலேஷன் முடியப்போகிறது என்று நம்பி 214-ல் வாங்கினேன். 221 வரைதான் போனது. நேற்று 203-ல் முடிந்திருக்கிறது. அது ஸ்பிரிங்கே இல்லையா?

பாலு
31 லட்சம் என்றாலே ஸ்பிரிங் இல்லை தம்பி. ஸ்பிரிங்கில் வால்யூம் காய்ந்திருக்க வேண்டும். விற்க ஆள் இல்லாததால்தான் விலை கீழே நிற்காமல் திரும்புகிறது.

தமயந்தி
பாலு சார் சொல்வதில் பாதி சரி. வால்யூம் குறைவாக உடைந்து திரும்பினால் விற்பவர்கள் தீர்ந்துவிட்டார்கள் என்று அன்றே ஓரளவு சொல்லலாம். வால்யூம் பெரிதாக இருந்தால் நிறையப் பேர் விற்றார்கள், யாரோ வாங்கினார்கள், அவ்வளவுதான் தெரியும். விற்க இன்னும் சரக்கு மிச்சம் இருக்கிறதா என்பது தெரியாது. விலை மறுபடி அந்த இடத்துக்கு வரும்போதுதான் அது தெரியும். அதைத்தான் டெஸ்ட் என்கிறோம்.

செல்வா, 214-க்குப் பிறகு ஒவ்வொரு நாளும் விலை, வால்யூம் என்ன என்று எழுதுங்கள். ரேஞ்சுக்குள் ஏறிய ஒவ்வொரு முறையும் எங்கே நின்றது என்பதும் வேண்டும்.

அருண்
எனக்கும் இதே பிரச்சினை. பேங்க் நிஃப்டி 5 நிமிட சார்ட்டில் தினமும் நாலு ஸ்பிரிங் வருகிறது, எதுவும் ஓடுவதில்லை. வால்யூமே காட்டுவதில்லை.

தமயந்தி
அருண், இன்டெக்ஸ் என்பது கணக்கிட்டு வரும் எண். அது நேரடியாகக் கைமாறுவதில்லை, அதனால் அதற்கென்று வால்யூம் கிடையாது. ஃபியூச்சர்ஸ் சார்ட்டில் பாருங்கள். ஆனால் செல்வா கேட்பது வேறு, அவருடையது மாதக்கணக்கான ரேஞ்ச்.

செல்வா
அக்கா, எடுத்துவிட்டேன். அடுத்த மூன்று நாள் 216, 221, 219. வால்யூம் 12, 8, 6 லட்சம். அப்புறம் இறங்கி, 210-ல் முடிந்த நாளில் 14 லட்சம். ரேஞ்சுக்குள் ஏற்றங்கள் 248, 241, 236-ல் நின்றன.

தமயந்தி
விடை இதிலேயே இருக்கிறது. ஸ்பிரிங்குக்குப் பிறகு ஏறியபோது வால்யூம் நாளுக்கு நாள் குறைந்தது, ரேஞ்சின் நடுவான 230-ஐக்கூட விலை தொடவில்லை. மேலே துரத்தி வாங்க ஆள் இல்லை. திரும்பி இறங்கியபோது வால்யூம் 6-லிருந்து 14 ஆனது. நல்ல டெஸ்டில் இதற்கு நேர்மாறாக நடக்கும். 208-க்கு மேலேயே 211, 212-ல் விலை நிற்கும், அன்று 4, 5 லட்சம்தான் நடந்திருக்கும்.

அதற்கு முன்பே ஓர் அடையாளம் இருந்தது. 248, 241, 236 என்று ஒவ்வொரு ஏற்றமும் தாழ்ந்துகொண்டே வந்திருக்கிறது. விற்பவர்கள் ஒவ்வொரு முறையும் இன்னும் கீழேயே காத்திருந்தார்கள். அந்த நிலையில் வந்த 208-ஐ நான் வாங்கியிருக்க மாட்டேன், டெஸ்டுக்காகக் காத்திருந்திருப்பேன். காத்திருந்தால் நாலைந்து ரூபாய் கூடக் கொடுத்து வாங்க வேண்டியிருக்கும். சில பங்குகள் டெஸ்ட் கொடுக்காமலே ஓடிவிடும், ஸ்பிரிங்கே வராத அக்குமுலேஷனும் உண்டு.

பாலு
சரி, ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் அப்த்ரஸ்டுக்கும் இதே கணக்குதானா? ஒரு பங்கு பெரிய ஏற்றத்துக்குப் பிறகு 610-660 ரேஞ்சில் இருந்தது. 668 போய் 655-ல் முடிந்தது. டிஸ்ட்ரிப்யூஷன் என்று ஃபியூச்சர்ஸில் ஷார்ட் போட்டேன். ஒரு வாரம் 648-க்குக் கீழே வரவே இல்லை. அப்புறம் 690 போய்விட்டது.

தமயந்தி
அந்த ஒரு வாரத்தில்தான் பதில் இருந்தது சார். அப்த்ரஸ்ட் உண்மையானால் மேலே வாங்கி மாட்டியவர்கள் விற்க ஓடுவார்கள். விலை வால்யூமோடு சுலபமாகச் சரிந்து ரேஞ்சின் நடுவைத் தாண்டும். உங்கள் பங்கு 635 பக்கம்கூட வராமல் ரெசிஸ்டன்ஸை ஒட்டியே உட்கார்ந்திருக்கிறது. வந்த விற்பனையை எல்லாம் யாரோ வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

செல்வா
இப்போது புரிகிறது. ஆனால் இந்த 203-ம் ஆழமான ஷேக்அவுட்டாக இருக்க வாய்ப்பில்லையா? இன்று 206-ல் முடிந்தது, வால்யூம் 7 லட்சம். டெலிவரி சதவீதமும் கூடியிருக்கிறது.

பாலு
டெலிவரி கூடினால் பெரிய கை வாங்குகிறது என்று அர்த்தம். வைத்துக்கொள்ளுங்கள்.

தமயந்தி
டெலிவரி எடுத்த ஒவ்வொருவருக்கும் எதிரே டெலிவரி கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார். அதை வைத்து யார் பெரிய கை என்று சொல்ல முடியாது. ஷேக்அவுட்டாக இருக்கலாம் செல்வா, இல்லை என்று சொல்ல மாட்டேன். 212-க்கு மேலே வால்யூமோடு திரும்பி வந்து, அடுத்த இறக்கம் வால்யூம் இல்லாமல் அதற்கு மேலேயே நின்றால் மறுபடி பேசலாம். 212 வரை மெதுவாக வந்து அங்கேயே திரும்பினால் பழைய சப்போர்ட் ரெசிஸ்டன்ஸ் ஆகிவிட்டது, நான்கு மாதமும் நடந்தது மறு டிஸ்ட்ரிப்யூஷன்தான். இன்று 206-ல் இரண்டில் எது என்று எனக்குத் தெரியவில்லை. ஸ்டாப்லாஸ் எங்கே வைத்திருந்தீர்கள்?

செல்வா
வைக்கவில்லை அக்கா. 208-க்குக் கீழே வைத்திருக்க வேண்டும். நாளை பாதியை விற்றுவிட்டு, 212-ல் என்ன நடக்கிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.