பர்ன்டவுன் கோடு இறங்கவே மாட்டேங்குது, நாங்க தினமும் வேலை முடிக்கிறோம். அவசர உதவி

கயல்_டெவ்:
ஸ்பிரிண்ட் பாதி தாண்டியாச்சு. மிச்ச வேலையைக் காட்டுற பர்ன்டவுன் கோடு மூணு நாளா படுத்தே கிடக்குது. மேனேஜர் ஸ்டாண்டப்ல சார்ட்டைத் திறந்து காட்டி "டீம் மூணு நாளா என்ன பண்ணுது"ன்னு கேட்டுட்டார். ஆனா தினமும் டிக்கெட் முடிஞ்சுட்டுதான் இருக்கு. சார்ட்ல ஏதாவது செட்டிங் தப்பா இருக்குமா? நாளைக்குள்ள பதில் சொல்லணும்.

ராஜவேல்:
செட்டிங் எல்லாம் இல்லை. போர்டுல டெஸ்டிங் நெடுவரிசையில எத்தனை டிக்கெட் தேங்கி நிக்குதுன்னு பாருங்க. போர்டோட கடைசி நெடுவரிசைக்குப் போனாதான் ஜிரா அதை முடிஞ்சதா எடுத்துக்கும். டெவலப்பர் நிரல் எழுதி முடிச்சா மட்டும் சார்ட்ல கோடு இறங்காது. படுத்துக் கிடக்கிற கோட்டுக்கு நான் பார்த்த வரைக்கும் பத்துக்கு எட்டு தடவை இதுதான் காரணம்.

கோமதி:
எத்தனை நாள் ஸ்பிரிண்ட்? எத்தனை பாயின்ட்ல ஆரம்பிச்சீங்க, இப்ப எத்தனை மிச்சம்? பாயின்டா, மணி நேரமா? இது எதுவும் சொல்லாம நாங்க எதை வச்சுப் பேசுறது?

மூத்த_நிரலர்:
கோமதி கேட்டதைத்தான் நானும் கேட்க வந்தேன். இந்த மன்றத்தில் மாதம் ஒருவர் இப்படி வருகிறார். பர்ன்டவுன் மிச்ச வேலையை மட்டும் காட்டும் படம், உழைப்பை அளக்கும் கருவி அல்ல. இதைப் புரிந்துகொள்ளாமல் சார்ட்டைத் திறப்பதே வீண். 2011-லேயே ஸ்க்ரம் கையேடு பர்ன்டவுனைக் கட்டாயப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

கயல்_டெவ்:
மன்னிக்கணும், அவசரத்துல விட்டுட்டேன். 10 வேலை நாள், 40 பாயின்ட். நாள் முடிவுல மிச்சம் இப்படி:

```
நாள்    1   2   3   4   5   6
மிச்சம்  40  37  32  32  31  31
```

ராஜவேல், டெஸ்டிங்ல ஒரே ஒரு டிக்கெட்தான் நிக்குது. கடைசி நெடுவரிசைக்குப் போனதை மட்டும் கூட்டினா 21 பாயின்ட் வருது. அதான் குழப்பமே. 40-ல 21 போனா 19தானே மிச்சம் இருக்கணும்?

செந்தில்நாதன்:
எங்க சப்போர்ட் டீம்லயும் இதே கதைதான். தினமும் புது டிக்கெட் வந்துகிட்டே இருக்கும், கோடு ஒரு நாளும் இறங்காது. கடைசில ஸ்பிரிண்டையே விட்டுட்டு கான்பானுக்கு மாறிட்டோம். நீங்களும் மாறிடுங்க.

கோமதி:
கயல், உங்க கேள்விலயே பதில் இருக்கு. 19 இருக்க வேண்டிய இடத்துல 31 இருக்கு. அந்த 12 பாயின்ட் ஸ்பிரிண்ட் ஆரம்பிச்ச பிறகு உள்ளே வந்திருக்கு. ஒரே நாள்ல அஞ்சு முடிஞ்சு அஞ்சு நுழைஞ்சா, கோட்டுல ஒண்ணுமே நடக்காத மாதிரிதான் தெரியும். நுழைஞ்சது அதிகமா இருந்திருந்தா கோடு மேல ஏறி எல்லார் கண்ணுலயும் பட்டிருக்கும். சமமா இருந்ததாலதான் உங்க தலையில விழுந்துருச்சு.

சார்ட்டுக்குக் கீழே ஒரு அட்டவணை இருக்கும், யாரும் அதுவரைக்கும் உருட்டிப் போறதில்லை. அதுல `Scope change`னு வர்ற வரிகளை மட்டும் எடுங்க. எந்த நாள், எந்த டிக்கெட், எத்தனை பாயின்ட் கூடுச்சு, எல்லாம் இருக்கும். ஸ்பிரிண்ட் ரிப்போர்ட்டையும் பாருங்க. நடுவுல சேர்த்த டிக்கெட் எண்ணுக்குப் பக்கத்துல நட்சத்திரக் குறி இருக்கும்.

கயல்_டெவ்:
பார்த்துட்டேன்! 4-ஆம் நாள் 5 பாயின்ட் டிக்கெட் ஒண்ணு, `Issue added to sprint`னு இருக்கு. 5-ஆம் நாள் ரெண்டு சின்ன டிக்கெட், ரெண்டும் சேர்த்து 4 பாயின்ட். 6-ஆம் நாள் ஒரு ஸ்டோரியோட எஸ்டிமேட் 2-ல இருந்து 5 ஆகியிருக்கு. மொத்தம் 12 சரியா வருது. அந்த 5 பாயின்ட் டிக்கெட்டை நாங்க 5-ஆம் நாளே முடிச்சுட்டோம், விற்பனைப் பக்கம் அவசரம்னு சொன்னாங்க.

எண்_கணக்கன்:
அப்படின்னா 21-ல 5 பாயின்ட் வெளியிலிருந்து வந்த வேலை. முதல்ல ஒத்துக்கிட்ட 40-ல முடிஞ்சது 16தான், 24 மிச்சம். நாளைக்கு இதையும் சேர்த்துச் சொல்லுங்க, இல்லைன்னா அவரே கண்டுபிடிச்சுக் கேட்பார். தினமும் 4 பாயின்ட் குறையுற நேர்கோட்டுப்படி இன்னிக்கு 16 மிச்சம் இருக்கணும், நீங்க 31-ல இருக்கீங்க. பின்தங்கின 15-ல 12 நடுவுல வந்தது, 3 மட்டும்தான் டீமோட வேகம் குறைஞ்சதால.

அதைவிட முக்கியம் இனி வரப்போறது. 6 நாள்ல 21, அதாவது ஒரு நாளைக்கு 3.5. மீதி 4 நாள்ல 14 முடியும். 31-ல 17 நிக்கும். அந்த 17 எதுன்னு இப்பவே ப்ராடக்ட் ஓனரோட உட்கார்ந்து முடிவு பண்ணுங்க.

ராஜவேல்:
கோமதி சொன்னது சரி, நான் அவசரப்பட்டுட்டேன். ஆனா 2-ஐ 5 ஆக்கினதை ஸ்கோப் க்ரீப்ல, அதாவது நடுவுல நுழைஞ்ச வேலையில, சேர்க்காதீங்க. யாரும் புதுசா எதுவும் கேட்கலை, நீங்க முதல்ல தப்பா கணிச்சீங்க. அப்போ கணக்கு 9தான்.

மூத்த_நிரலர்:
ஸ்பிரிண்ட் நடுவில் எஸ்டிமேட்டைத் தொடவே கூடாது. தொட்டால் அடுத்த திட்டமிடலுக்கான வெலாசிட்டி கெட்டுப்போகும். தவறான கணிப்பு தவறாகவே நின்றால்தான் ரெட்ரோவில் கண்ணில் படும்.

கோமதி:
தொடாம விட்டா சார்ட்ல 2 பாயின்ட் மிச்சம்னு இருக்கும், கையில 5 பாயின்ட் வேலை இருக்கும். அந்தப் பொய்யை நம்பி ப்ராடக்ட் ஓனர் இன்னொரு டிக்கெட்டை உள்ளே தள்ளுவார். மிச்ச வேலையைக் காட்டத்தான் இந்தப் படம்னு நீங்கதானே மேல சொன்னீங்க?

மூத்த_நிரலர்:
மிச்சத்தைக் காட்ட வேண்டுமானால் பர்ன்அப் போடுங்கள். மொத்த வேலைக்கு ஒரு கோடு, முடிந்ததற்கு ஒரு கோடு. இந்தக் கேள்வியே வந்திருக்காது.

எண்_கணக்கன்:
பர்ன்அப்ல மொத்தக் கோடு 40-ல இருந்து 52-க்கு ஏறினது பளிச்னு தெரியும், அது உண்மை. ஆனா அதுக்கும் தெரியாத ஒண்ணு இருக்கு. கயல், அந்த 2 பாயின்ட் ஸ்டோரி ஏன் 5 ஆச்சு? டிக்கெட்டோட `History`-ல விவரப் பகுதியை யாராவது திருத்தியிருக்காங்களான்னு பாருங்க. பாயின்டைத் தொடாம ஏற்பு நிபந்தனையில ரெண்டு வரி சேர்த்துட்டா எந்தச் சார்ட்லயும் அது தெரியாது. டெவலப்பருக்கு மட்டும்தான் தெரியும்.

செந்தில்நாதன்:
பக் வந்தா அது ஸ்கோப்பா இல்லையா? எங்க டீம்ல இன்னும் சண்டை ஓயலை.

ராஜவேல்:
இந்த ஸ்பிரிண்ட் ஸ்டோரியிலேயே வந்த பக்னா அந்த ஸ்டோரி இன்னும் முடியலைன்னு அர்த்தம், தனி பாயின்ட் கிடையாது. பழைய வெளியீட்டுல வந்ததுன்னா புது வேலை.

கோமதி:
பழைய பக்குக்கும் பாயின்ட் போடாத டீம் நிறைய இருக்கு. அங்கே கோடு இறங்காம நிக்கும், ஆனா `Scope change` வரிசையில கூடுதல்னு ஒண்ணுமே இருக்காது.

கயல்_டெவ்:
எண்_கணக்கன் சொன்னது சரி. ஏற்பு நிபந்தனை 3 இருந்தது 7 ஆகியிருக்கு. 5-ஆம் நாள் சாயங்காலம் ப்ராடக்ட் ஓனர் சேர்த்திருக்கார், யாருக்கும் சொல்லலை. இன்னொரு ஸ்டோரியிலயும் அதே மாதிரி இருக்கு, அதுக்குப் பாயின்ட் மாத்தவே இல்லை.

காலையில அட்டவணையைக் காட்டிப் பேசினேன். 13 பாயின்ட் வெளியே எடுத்தாச்சு. 17 எடுக்க ஒத்துக்கலை. மீட்டிங் இருக்கு, அப்புறம் வர்றேன்.

ராஜவேல்:
நிபந்தனை கூடினதாலதான் 5 ஆச்சுன்னா கணக்கு 12தான், நான் சொன்ன 9 தப்பு. அந்த இன்னொரு ஸ்டோரிக்கு இப்ப பாயின்ட் ஏத்தினீங்களா?

கோமதி:
ஏத்தியிருந்தா இன்னிக்கு `Scope change`ல ஒரு கூடுதல் வரி வந்திருக்கும். கயல், பார்த்தா சொல்லுங்க.